கேள்வியில்லாத ஒரு வணக்கம்

கேள்வி: ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். காலையில் வந்ததும் எல்லோரிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் சீட்டில் உட்காருவேன். ஐந்து மாதத்துக்கு முன்பு எங்கள் பிரிவில் ஒரு தம்பி சேர்ந்தார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் "எப்படி இருக்கீங்க தம்பி, லீவெல்லாம் எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "ம், நல்லா போச்சு மேடம்" என்பதோடு சரி. போன வாரம் லிஃப்ட் வாசலில் நான் நிற்பதைப் பார்த்ததும் திரும்பி, நாலு மாடியும் படியேறி வந்தார். மனசு கஷ்டமாகிவிட்டது. "அவர் இன்ட்ரோவர்ட்டா இருக்கும், ஆட்டிசமாகூட இருக்கலாம், அந்த மாதிரிப் பேச்சு சிலரைக் களைப்பாக்கிடும்மா" என்கிறாள் மகள். ரெண்டு வார்த்தை பேசுவதில் அப்படி என்ன களைப்பு? இனி அவரிடம் பேசாமலே இருந்துவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. உங்களைப் போன்ற நல்ல மனசுக்காரர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் எடுக்கிற முடிவு அதுதான், அது தவறாகவும் போய்விடுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் "ரெண்டு வார்த்தையில் என்ன களைப்பு" என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் நாளைக் காலையில் என்ன செய்வது என்பதும் விளங்கிவிடும்.

இரண்டு பேர் பேசும்போது, ஒருவர் முடித்து மற்றவர் ஆரம்பிப்பதற்கு நடுவில் இருக்கும் இடைவெளி ரொம்பச் சின்னது. வெவ்வேறு நாடுகளில் பேசப்படும் பத்து மொழிகளை எடுத்துக்கொண்டு 2009ல் வெளியான ஓர் ஆய்வில், அந்த இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், அந்த ஒரே வார்த்தையைத் தயார் செய்து சொல்ல ஆரம்பிக்கவே நமக்கு அதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆகிறது. அப்படியென்றால் எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள்ளாகவே நம் பதில் உள்ளே தயாராகிக்கொண்டிருக்க வேண்டும். கேட்பதும் யோசிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. உங்களுக்கும் இது நடக்கிறது. குசலம் விசாரிக்கும் பேச்சுக்கான பதில்கள் பல வருடப் பழக்கத்தில் உங்கள் நாக்கு நுனியிலேயே இருப்பதால் அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பதில்கள் நாக்கு நுனியில் இல்லாதவர்களும் உண்டு. "லீவெல்லாம் எப்படிப் போச்சு?" என்று நீங்கள் கேட்கும்போது உங்களுக்கு வேண்டியது விடுமுறையைப் பற்றிய தகவல் இல்லை. "உன்னைக் கவனித்தேன், நீ என் ஆள்" என்று சொல்வதற்கு அது ஒரு வழி. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923லேயே இந்த வகைப் பேச்சைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். சேதி சொல்லும் வேலை அதற்கு இல்லை, உறவைக் கட்டுவதுதான் அதன் வேலை என்றார். பெரும்பாலோர் இந்த வித்தியாசத்தை யோசிக்காமலே பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு வார்த்தை வந்தபடியே உள்ளே போகிறது. கேள்வி கேட்டால் அது கேள்விதான். உடனே மனம் விடுமுறை நாட்களைப் புரட்ட ஆரம்பிக்கிறது. எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது, உண்மையைச் சொன்னால் நீளமாகிவிடுமா, "நல்லா போச்சு" என்றால் பொய்யாகிவிடுமா, முடித்ததும் திருப்பி "உங்களுக்கு?" என்று கேட்க வேண்டுமா, எந்தக் குரலில் கேட்பது என்று போய்க்கொண்டே இருக்கும். "எப்படி இருக்கீங்க" இன்னும் கடினம். ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் தம்முடைய உணர்ச்சி இன்னதென்று இனம் கண்டு சொல்வதே சிரமமாக இருக்கிறது. அவர்களுக்கு அது நிஜமாகவே தேடிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இதோடு சேர்ந்து உடம்பையும் நடத்த வேண்டியிருக்கிறது. கண்ணைப் பார்க்க வேண்டும், ஆனால் முறைக்கக் கூடாது. சிரிப்பு சரியான நேரத்தில் வந்து சரியான நேரத்தில் போக வேண்டும். உங்களுக்கு இவையெல்லாம் தானாக நடக்கின்றன. சிலர் ஒவ்வொன்றையும் கையால் இயக்குகிறார்கள். வேறுபாடு வெளியில் தெரியாதபடி இப்படித் தன்னை நடத்திக்கொள்வதை மாஸ்கிங், அதாவது முகமூடி போடுவது என்கிறோம். ஆலோசனைக்காக என்னிடம் வருகிறவர்கள் களைப்பு என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த வேலையைத்தான் சொல்கிறார்கள். பேச்சு அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்துக்குள் நடக்கும் வேலை அதிகம்.

இன்னொரு செலவும் இருக்கிறது. என் அனுபவத்தில் இதுவே பெரியது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காததும் இதுதான். அது பேச்சை முடிப்பது.

வணக்கத்துக்கு வணக்கம் என்பது இரண்டு வரியில் மூடிக்கொள்ளும் சோடி. நீங்கள் ஒன்று, அவர் ஒன்று, முடிந்தது. கேள்வி அப்படி மூடுவதில்லை. பதில் வந்ததும் அது இன்னொரு வாசலைத் திறந்துவிடுகிறது. அப்புறம் யாராவது ஒருவர் "சரி, அப்போ பார்ப்போம்" என்கிற மாதிரி ஒரு முன்னறிவிப்புக் கொடுத்து, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டு, பிறகுதான் விலக முடியும். உரையாடல் முடிவது தானாக நடக்கும் காரியமில்லை, இரண்டு பேரும் சேர்ந்து கட்ட வேண்டிய காரியம் என்று ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1973லேயே எழுதிக் காட்டினார்கள். அதில் நாம் யாருமே கெட்டிக்காரர்கள் இல்லை. 2021ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பேசிய இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் நூற்றுக்கு இரண்டு மட்டுமே. உங்களுக்கு அது ஒரு நிமிடம் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை. எப்போது முடியும், தான் முடித்தால் மரியாதைக் குறைவாகிவிடுமா என்று தெரியாமல் நிற்பவருக்கு அந்த ஒரு நிமிடம் முழுவதும் காத்திருப்புதான்.

இப்போது லிஃப்டை நினைத்துப் பாருங்கள். கதவு மூடிவிட்டால் விலகிப்போக வழியில்லை. நெருக்கமாக நிற்க வேண்டும். பேச்சு எப்போது முடியும் என்பது அவர் கையில் இல்லை. நாலு மாடி ஏறுவது கால் வலி, ஆனால் அதற்கு எல்லை தெரியும். அன்றைக்குத் தனக்கு இரண்டில் எது குறைந்த செலவு என்று அவர் பார்த்திருப்பார். நான் நேரில் பார்க்காமல் சொல்கிறேன், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் விவரிக்கும் படிக்கட்டுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. அவர்கள் யாரையும் வெறுத்து ஏறியதில்லை. பிடித்தவர் முன்னால் சரியாகப் பேச வராமல் போகுமே என்று ஏறியவர்களும் உண்டு.

இன்ட்ரோவர்ட் விஷயம் கொஞ்சம் வேறு. ஆட்டிசம் இல்லாத இன்ட்ரோவர்ட்டுக்குப் பதில் சொல்லத் தெரியும், முடிக்கவும் தெரியும். அப்படியும் களைக்கிறார். கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், அதனால் இப்படிச் சொல்கிறேன். கலகலப்பாகப் பழகியவர்களுக்குச் சுமார் மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பு கூடியிருந்தது என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 2017ல் காட்டினார்கள். இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட் இருவருக்குமே அப்படித்தான் இருந்தது. ஆக, செலவு எல்லோருக்கும் உண்டு. வரவில்தான் வித்தியாசம். உங்களுக்கு அந்த நாலு வார்த்தையிலேயே காலை நேரத்துச் சந்தோஷம் வந்துவிடுகிறது, செலவு தெரிவதில்லை. ஒரு வாரம் வலிய கலகலப்பாக இருக்கச் சொன்ன வேறொரு பரிசோதனையில், இயல்பிலேயே அமைதியானவர்களுக்கு அந்தச் சந்தோஷம் அவ்வளவாக வரவில்லை. களைப்பும், "இது நான் இல்லை" என்ற உணர்வும்தான் வந்தன.

அவர் இதில் எந்த வகை? எனக்குத் தெரியாது. உங்கள் மகளுக்கும் தெரியாது. ஆட்டிசமாக இருக்கலாம், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தச் சிரமப்படுத்தும் ஏடிஎச்டியாக இருக்கலாம், கூச்சமாகவும் இருக்கலாம், ஐந்து மாதமாக வீட்டில் ஏதோ கவலையாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள முயற்சி செய்ய வேண்டாம். "உங்களுக்கு ஆட்டிசமா தம்பி?" என்று அன்பாகக் கேட்டாலும் அவருடைய அந்தரங்கத்தைக் கேட்டதாகத்தான் ஆகும். நான் சொல்லப்போகும் முறைக்குக் காரணம் தெரிய வேண்டிய அவசியமில்லை. இவர்களில் யாருக்குமே அது பாரமாகாது.

அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்டிசம் இருப்பதாக முப்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்ட ஒரு பெண். ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை. பதினொரு மணிக்கே தலை கனத்துவிடுகிறது, வேலை ஓடவில்லை என்று வந்தார். வேலைச்சுமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் குறித்து வரச் சொன்னேன். வாசலிலிருந்து தன் இடத்துக்குப் போய் முதல் கோப்பைத் திறப்பதற்குள் சராசரியாக ஒன்பது இடத்தில் நின்று பேசியிருந்தார். எல்லாம் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். ஒவ்வொன்றுக்கும் முந்தைய இரவே பதில் தயார் செய்து வைப்பாராம். வாரக் கடைசியைப் பற்றிக் கேட்டால் இது, தலைமுடி வெட்டியதைப் பற்றிச் சொன்னால் இது என்று. தயார் செய்யாத கேள்வி வந்துவிட்டால் அன்று முழுக்க "நான் சொன்னது சரியா" என்று அதையே ஓட்டிப் பார்ப்பார். ஒன்றரை நிமிடப் பேச்சுக்கு முன்னாலும் பின்னாலும் இவ்வளவு நீளமான வால் இருந்தது.

பக்கத்தில் உட்காருகிற மூன்று பேரிடம் மட்டும் சொல்லிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அவரே எழுதிக் கொடுத்தார்: "காலையில் என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லுங்கள், எனக்குப் பிடிக்கும். கேள்வி மட்டும் வேண்டாம். பேச வேண்டியது இருந்தால் பதினொன்றரைக்கு மேல் வாருங்கள்." மூவரும் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள்.

ஒருவர், பயத்தில், பார்ப்பதையே நிறுத்திவிட்டார். எதிரில் வந்தால் போனை எடுத்துக்கொள்வார். அந்தப் பெண் என்னிடம் அழுதது இதற்குத்தான். களைப்பாக்கிய கேள்விகளுக்கு அவர் ஒருநாளும் அழவில்லை. பேசாமல் இருந்துவிடாதீர்கள் என்று உங்களுக்கு ஆரம்பத்திலேயே சொன்னது அவரை நினைத்துத்தான். சின்னப் பேச்சு முடியாதவருக்கு மனிதர்கள் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒதுக்கப்பட்டு வந்தவர்கள் பலர். அவர்களுக்கு மௌனம் ஓய்வாகத் தெரியாது, தண்டனையாகத்தான் தெரியும்.

இரண்டாமவர் நல்லவர். ஆனால் தினமும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்களை நான் எதுவும் கேட்க மாட்டேன்ப்பா, உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும்" என்பார். அதற்கும் அந்தப் பெண் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி போய் விளக்கம் வந்தது, பாரம் அப்படியே இருந்தது.

மூன்றாமவர்தான் சரியாகச் செய்தார். தூரத்திலேயே பார்த்து, கையை லேசாகத் தூக்கி, பெயரைச் சொல்லி ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு. நடையை நிறுத்தாமல் போய்விடுவார். மொத்தம் இரண்டு வினாடி.

இது ஏன் வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மனிதர்கள் ஒருவரையொருவர் வரவேற்கும் விதத்தைப் படம் எடுத்து ஆராய்ந்த கெண்டன், ஃபெர்பர் என்ற இருவர் 1973ல் ஒன்றைக் கவனித்தார்கள். வணக்கம் பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் தூரத்திலிருந்து ஒரு தலையசைப்போ கையசைப்போ. பிறகு நெருங்கி வந்து இன்னொன்று. தூரத்து வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டு அவரவர் வழியில் போய்விடலாம், அதில் குறை எதுவும் தெரியாது. நெருங்கி வந்து நின்றால்தான் பேச்சு எதிர்பார்க்கப்படுகிறது. ஆக, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், நிற்கிறீர்களா நடக்கிறீர்களா என்பதே அவருக்கு ஒரு செய்தி. நடந்துகொண்டே சொல்லும் வணக்கம், "இது இதோடு முடிகிறது" என்று வாய் திறக்காமலே சொல்லிவிடுகிறது. முடிக்கும் வேலையை அவருக்குப் பதில் உங்கள் கால்கள் செய்துவிடுகின்றன.

அதனால் நாளைக் காலை இப்படிச் செய்து பாருங்கள். அவரைப் பார்த்ததும், நாலைந்து அடி தள்ளியே, பெயரைச் சொல்லி வணக்கமோ குட் மார்னிங்கோ சொல்லுங்கள். குரலில் கேள்வியின் ஏற்றம் வேண்டாம். சிரித்துவிட்டுத் தொடர்ந்து நடந்து உங்கள் இடத்துக்குப் போய்விடுங்கள். அவர் தலையை ஆட்டினாலும் சரி, "ம்" என்றாலும் சரி, அதுவே முழுப் பதில். கண்ணைப் பார்க்காவிட்டால் பரவாயில்லை. பதில் சொல்ல இரண்டு வினாடி தாமதமானால், அந்த இடைவெளியை இன்னொரு வாக்கியத்தால் நிரப்பாதீர்கள். கேட்டதை உள்ளே வாங்கிக்கொள்ள நேரம் எடுப்பவர், அப்போதுதான் பதில் எடுத்திருப்பார். உங்கள் இரண்டாவது வாக்கியம் அதைத் தட்டிவிட்டுவிடும். அவர் ஹெட்போனோடு வேலையில் மூழ்கியிருந்தால் வணக்கமே வேண்டாம், எழுந்து வரும்போது சொல்லிக்கொள்ளலாம். ஆழ்ந்த கவனத்திலிருந்து வெளியே இழுக்கப்பட்டால் திரும்ப உள்ளே போக ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள பலருக்கு நிறைய நேரம் பிடிக்கிறது.

ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு இருந்தால், கேள்வியாக இல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். "நேத்து நீங்க முடிச்ச கணக்கு டேலி ஆயிடுச்சு தம்பி, நல்ல வேலை" என்று சொல்லிவிட்டு நடங்கள். அதற்கு அவர் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். எப்படியும் அவர் தப்புச் செய்ததாக ஆகாது.

நிஜமாகவே பேச விஷயம் இருந்தால் அதை எழுதி அனுப்புங்கள், நேரமும் அளவும் சேர்த்து. "மாத முடிவுக் கணக்கில் இரண்டு சந்தேகம், மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் போதும்" என்கிற மாதிரி. என்ன பேசப்போகிறோம், எப்போது முடியும் என்ற இரண்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், நான் மேலே சொன்ன செலவில் பெரும்பகுதி காணாமல் போய்விடுகிறது. நீங்கள் ஆச்சரியப்படலாம், அந்த ஐந்து நிமிடம் அவராலேயே இருபது நிமிடமாக நீளக்கூடும். தனக்குப் பிடித்த, தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போது இவர்களில் பலர் களைப்பதே இல்லை.

லிஃப்டில் இருவரும் மாட்டிக்கொண்டால், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அவரைப் பார்க்காமல் கதவுப் பக்கம் திரும்பி நில்லுங்கள். உங்களுக்கு அந்த மௌனம் கல்லைப் போலக் கனக்கும், எனக்குத் தெரியும். அவருக்கு அது இறகு.

மூன்று நான்கு வாரம் பாருங்கள். இரண்டாவது வாரத்திலேயே தோள் கொஞ்சம் தளர்ந்திருப்பதைக் கவனிக்கலாம். உங்களுக்கு முன்னால் அவரே கையைத் தூக்கக்கூடும். சிலர் ஒரு மாதம் கழித்துத் தாங்களே வந்து ஏதோ ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள், முன்னுரையும் இருக்காது, முடிவுரையும் இருக்காது. அப்போது கேளுங்கள், ஆனால் "அட, நீங்க பேசுவீங்களா!" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக மறுபடி ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். எந்த மாற்றமும் வராமலும் போகலாம். அவர் கடைசி வரை "ம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். அதற்காக வணக்கத்தை நிறுத்தாதீர்கள், கூட்டவும் வேண்டாம். எல்லா நாளும் அதே அளவில், அதே மாதிரி வரும் வணக்கம்தான் அவருக்கு லேசானது. அடுத்து என்ன வரும் என்று அவர் யோசிக்கவே தேவையில்லை.

உங்கள் நாலு வார்த்தைப் பேச்சையும் விட்டுவிடாதீர்கள். அதை விரும்புகிறவர்கள் உங்கள் பிரிவில் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கு அது வேண்டும். இந்தத் தம்பி மேஜைக்கு வரும்போது மட்டும் கேள்வியைக் கழற்றி வைத்துவிடுங்கள். படிக்கட்டு விஷயத்தை நீங்கள் பார்த்ததாக அவரிடம் சொல்ல வேண்டாம். அடுத்த முறை லிஃப்ட் வாசலில் அவர் தயங்கினால், சிரித்துத் தலையசைத்துவிட்டு உங்கள் பையில் எதையாவது தேட ஆரம்பியுங்கள். வருவதா படியேறுவதா என்று அவரே முடிவு செய்யட்டும்.